2,846 படங்கள் வரிசையில்: போன் பேக்கப் நகராமல் நின்றால் எங்கிருந்து தொடங்குவது?

கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவின் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு வாங்கியிருந்தோம். புது போன் கொண்டுவரும் பையன் பழையதைக் கையோடு வாங்கிப் போய்விடுவான், எட்டு நாளில் வருவான் என்றார்கள். சரி, படமெல்லாம் கூகுள் போட்டோஸில்தானே இருக்கிறது என்று செயலியைத் திறந்தால், 2,846 படங்களும் வீடியோக்களும் இன்னும் ஏறவே இல்லை. பேக்கப் 14 மாதமாக நின்று போயிருந்தது. அக்கா மகனின் காதுகுத்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் அந்த வரிசையில்தான் இருந்தன.

எட்டு நாளில் ஐந்தை வீணாக்கிவிட்டேன். காரணம் ஒன்றுதான். எதைச் சரிபார்த்த பிறகு எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரியாமல், பார்த்ததையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ஆண்ட்ராய்டு போன், கூகுள் போட்டோஸ் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். போன் கம்பெனியைப் பொறுத்து மெனுவின் பெயர்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

உட்காரும் முன் இவை கையில் இருக்கட்டும்: அந்த ஜிமெயில் கணக்கின் பாஸ்வேர்டு, ஓடிபி வரும் போன் நம்பர், போனோடு வந்த சார்ஜர், இன்னொரு போன் அல்லது கம்ப்யூட்டர். செலவு எனக்கு 130 ரூபாய் ஆனது. நேரம், எல்லாம் சரியாக அமைந்த பிறகு ஒரே ராத்திரி.

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. "ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடு" என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். செய்யாதீர்கள், செட்டிங்ஸில் இருக்கும் Clear storage பட்டனையும் தொடாதீர்கள். கேமராவில் எடுத்த படங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் கூகுள் போட்டோஸுக்குள் பூட்டி வைக்கும் லாக்டு ஃபோல்டர் என்று ஒன்று இருக்கிறது. அதில் இருப்பவை பேக்கப் ஆகாமல் இருந்தால், செயலியை நீக்கியதும் அவையும் போய்விடும். அம்மா ஆதாரையும் பேங்க் பாஸ்புக்கையும் படம் எடுத்து அதில்தான் வைத்திருந்தார். அது எனக்குத் தெரிந்ததே நான்காம் நாள்தான்.

1. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

செயலியின் மேல் வலது மூலையில் உங்கள் முகப்படம் இருக்கும் வட்டத்தைத் தட்டினால், பேக்கப்பின் நிலை ஒரே வரியில் தெரியும். எல்லோரும் எண்ணிக்கையைப் பார்த்துப் பதறுகிறோம், அந்த வரியைப் படிப்பதில்லை.

`Waiting for Wi-Fi` என்று இருந்தால், இப்போது இருக்கும் இணைப்பில் ஏற்றக் கூடாது என்று போன் நினைக்கிறது. படி 4-க்குப் போங்கள். `Account storage is full` என்றால் கணக்கில் இடம் இல்லை, படி 3. பேக்கப் நடப்பதாகவே காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் எண் மட்டும் குறையவில்லை என்றால் மூன்றில் ஒன்று: ஒரு பெரிய வீடியோ மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது, டேட்டா வேகம் செத்துக் கிடக்கிறது, அல்லது திரை அணைந்ததும் போன் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. பேக்கப்பே ஆஃபில் இருக்கிறது என்று வந்தால், ஆன் செய்வதற்கு முன் அடுத்த படியைப் படியுங்கள்.

2. எந்தக் கணக்கில் ஏறுகிறது?

அம்மாவின் போனில் இரண்டு ஜிமெயில் இருந்தன. ஒன்று நான் திறந்து கொடுத்தது. இன்னொன்று போன் வாங்கிய கடையில், "சும்மா ஒரு ஐடி போட்டுத் தரேன்மா" என்று அந்தப் பையன் திறந்தது. பேக்கப் போய்க்கொண்டிருந்தது கடைப் பையன் திறந்த ஐடிக்கு. அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. போனில் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். புது போனில் அதே ஐடியைப் போட்டு உள்ளே போக முயலும்போதுதான் வெளியே நிற்போம்.

அதனால் போட்டோஸ் செட்டிங்ஸில் Backup பக்கத்தில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதே ஐடியை இன்னொரு போனில் போட்டு, பாஸ்வேர்டு கொடுத்து, உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். பழைய போன் கையில் இருக்கும்போது பாஸ்வேர்டை மாற்றுவது எளிது. அதைக் கொடுத்த பிறகு பெரும்பாடு.

கணக்கை மாற்றினால் புதுக் கணக்கில் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். எனக்கு 2,846 என்றிருந்தது ஏழாயிரத்தைத் தாண்டியது. பழைய கணக்கில் ஏறியவை அங்கேயேதான் இருக்கும், தானாக இங்கே வராது. நான் பயந்துபோய்த் திரும்பப் பழைய ஐடிக்கே மாற்றிவிட்டு, ஓடிபி அம்மாவின் நம்பருக்கே வந்ததால் அதன் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டேன். ஏறியது கொஞ்சம்தான் என்றால் நல்ல கணக்குக்கு மாறிவிடுவதே மேல்.

3. கணக்கில் இடம் இருக்கிறதா?

இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. இது படங்களுக்கு மட்டும் அல்ல, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. 2021 ஜூன் 1-க்கு முன்பு தரம் குறைத்து ஏற்றிய படங்கள் இந்தக் கணக்கில் சேராது. அதற்குப் பிறகு ஏற்றுபவை சேரும், ஆனால் பழைய நினைப்பிலேயே இன்னும் பலர் இருக்கிறார்கள். வாட்ஸாப் பேக்கப்பும் இப்போது இதே 15 ஜிபியில்தான் இடம் பிடிக்கிறது. அம்மாவுக்கு அதுவே 3 ஜிபிக்கு மேல் இருந்தது, பாதி காலை வணக்க வீடியோக்கள்.

எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை `one.google.com/storage` பக்கத்தில் பார்க்கலாம். ஜிமெயிலில் பெரிய இணைப்புகளைப் பிடிக்கத் தேடல் பெட்டியில் இப்படிப் போடுங்கள்:

```
has:attachment larger:10M
```

அழித்த பிறகு குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். மின்னஞ்சல் அதில் கிடக்கும் வரை இடம் திரும்பி வராது. வாட்ஸாப்பில் Chat backup பக்கத்தில் வீடியோவைச் சேர்க்காதே என்று வைத்தால், அடுத்த பேக்கப் சிறியதாகிவிடும்.

இடம் வேண்டும் என்பதற்காகப் போட்டோஸ் செயலிக்குள் படங்களை அழிக்கத் தொடங்காதீர்கள். அங்கே சாதாரணமாக அழித்தால் கணக்கிலும் போகும், போனிலும் போகும். பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும், மீட்டுக்கொள்ளலாம். பேக்கப் ஆகாத படத்துக்கு 30 நாள்தான்.

இவ்வளவும் செய்து எனக்குக் கிடைத்தது 4 ஜிபி. தேவையோ 22 ஜிபி: சுமார் 2,700 படங்கள், ஒன்று 3 எம்பி என்று வைத்தால் 8 ஜிபி, 146 வீடியோக்கள் 14 ஜிபி. கணக்குப் போட்ட பிறகு அழிக்கும் வேலையை விட்டுவிட்டு 100 ஜிபி திட்டத்தை ஒரு மாதத்துக்கு 130 ரூபாய் கட்டி வாங்கினேன். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் ஒன்றரை நாள் மிஞ்சியிருக்கும்.

4. இணைப்பு: வைஃபை சின்னத்தை நம்பாதீர்கள்

அம்மா வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அம்மாவின் போனை இணைத்தேன். மேலே வைஃபை சின்னம் நன்றாகத் தெரிகிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் போட்டோஸ் மட்டும் `Waiting for Wi-Fi` என்கிறது. வைஃபையில் இருந்துகொண்டே வைஃபைக்குக் காத்திருக்கிறேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

விஷயம் இதுதான். ஒரு ஆண்ட்ராய்டு போன் ஹாட்ஸ்பாட் கொடுக்கும்போது, இது அளந்து செலவாகும் டேட்டா என்ற குறிப்பையும் சேர்த்தே அனுப்புகிறது. இணைகிற போன் அதைப் படித்துக்கொண்டு, இதை மொபைல் டேட்டா மாதிரியே நடத்த வேண்டும் என்று முடிவு செய்கிறது. பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று வைத்திருந்தால் செயலி அசையாது.

மாற்ற வேண்டிய இடம்: செட்டிங்ஸில் வைஃபை பக்கம் போய், இணைந்திருக்கும் பெயரின் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி, Network usage அல்லது Metered network என்ற வரியில் `Treat as unmetered` என்று வையுங்கள். வைத்ததும் வரிசை நகர்ந்தது. அடுத்த தவறு அங்கேதான் காத்திருந்தது. இது தாராளமான வைஃபை என்று சொல்லிவிட்டதால், பிளே ஸ்டோரும் தன் பங்குக்கு 23 செயலிகளை அப்டேட் செய்ய ஆரம்பித்துவிட்டது. என் ஒரு நாள் டேட்டா முக்கால் மணி நேரத்தில் காலி, ஏறிய படங்கள் நூறுகூட இல்லை. முதலில் பிளே ஸ்டோரில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு அப்புறம் இதை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஒரு நாளைக்கு 2 ஜிபி என்று வரும் ப்ரீபெய்டு பேக். 22 ஜிபியை அதில் ஏற்றினால், வேறு எதற்கும் டேட்டாவைத் தொடாமல் இருந்தாலே 11 நாள். என்னிடம் எட்டு நாள்தான் இருந்தது. அன்றைய அளவு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடுவதில்லை, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் 3 எம்பி படம் ஒன்று ஏற ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும், 100 எம்பி வீடியோவுக்கு மூன்றரை மணி நேரம். திரையில் பேக்கப் நடக்கிறது என்றே இருக்கும், எண் மட்டும் குறையாது. வரிசை சிக்கிக்கொண்டது என்று நினைத்து எதையாவது மாற்றுவதற்கு முன், இன்றைய டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்கிடலாம். ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அப்லோடு எண்ணைப் பாருங்கள், பெரிதாகத் தெரியும் டவுன்லோடு எண் இந்த வேலைக்கு உதவாது. ஏற்ற வேண்டிய ஜிபியை 8,000-ஆல் பெருக்கி, அப்லோடு எம்பிபிஎஸ்ஸால் வகுத்தால் கிடைப்பது நொடிகள். என் மொபைலில் அப்லோடு 5, அப்படியென்றால் 22 ஜிபிக்குப் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தம்பியின் மதுரை வீட்டு ஃபைபரில் 38, அப்படியென்றால் ஒன்றேகால் மணி நேரம். போனை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

நிஜத்தில் ஐந்து மணி நேரம் ஆனது. படங்கள் ஒவ்வொன்றாகப் படித்து, சரிபார்த்து, அனுப்பப்படுகின்றன. பழைய போனால் அந்த வேகத்தில் வேலை செய்ய முடியாது. கணக்கில் வரும் நேரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

5. திரை அணைந்ததும் வேலையும் நிற்கிறதா?

மதுரைக்குப் போகும் முன் ஒரு ராத்திரி முழுக்க ஹாட்ஸ்பாட்டில் போட்டு வைத்திருந்தேன். படுக்கும்போது 2,610. காலையில் 2,598. பன்னிரண்டே பன்னிரண்டு. ஆனால் செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் மளமளவென்று குறைந்தது. இந்த வித்தியாசம் தெரிந்தால் காரணம் பேட்டரிக் கட்டுப்பாடுதான், வேறு எங்கும் தேட வேண்டாம்.

திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆனதும் ஆண்ட்ராய்டு பின்னணி வேலைகளை ஒத்திப்போடும். அதற்கு மேல் சில கம்பெனிகள் தங்கள் சொந்தப் பேட்டரிக் காவலாளியையும் வைத்திருக்கின்றன, அது செயலியையே மூடிவிடும். போட்டோஸ் ஐகானை அழுத்திப் பிடித்து App info போய், Battery என்பதில் `Unrestricted` வையுங்கள். Autostart என்று ஒரு வரி உங்கள் போனில் இருந்தால் அதையும் அனுமதியுங்கள். பேட்டரி சேவரையும் டேட்டா சேவரையும் அணைத்துவிடுங்கள். அம்மா பேட்டரி சேவரை நிரந்தரமாக ஆன் செய்தே வைத்திருந்தார், "சார்ஜ் நிக்கும்னு சொன்னாங்கடா" என்று.

இதெல்லாம் செய்தும் நம்பிக்கை வராததால், நான் கடைசியில் செய்தது ரொம்ப சாதாரணம். சார்ஜரில் போட்டு, செயலியைத் திறந்து, திரை அணையும் நேரத்தை 30 நிமிடமாக்கி, அரை மணிக்கு ஒரு முறை தட்டிக்கொண்டிருந்தேன். கவரைக் கழற்றி, ஃபேனுக்குக் கீழே தரையில் வைத்தேன். சூடானால் போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கியது இரண்டு மணிக்கு 7 என்ற எண்ணில் வந்து நின்றது.

6. கடைசி ஏழும் ஏறவில்லை என்றால்

அந்த 7 ஒரு மணி நேரமாக 7-ஆகவே இருந்தது. படங்களின் வரிசையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால், ஏறாதவற்றின் மூலையில் சின்னதாக ஒரு மேகச் சின்னம் தெரியும். ஒன்றைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Back up now` கொடுத்தால் அது மட்டும் வரிசையைத் தாண்டி ஏறும். இப்படி ஆறு படங்களைத் தனித்தனியாக ஏற்றினேன்.

ஏழாவது ஒரு வீடியோ. தட்டினால் கறுப்புத் திரை, ஓடவில்லை. விவரத்தைப் பார்த்தால் அளவு 0 பி. அறுபதாம் கல்யாணத்தன்று படம் பிடித்துக்கொண்டிருந்தபோதே சார்ஜ் தீர்ந்து போன் அணைந்த ஞாபகம் அப்போதுதான் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத ஃபைல், என்ன செய்தாலும் ஏறாது. ஃபைல்ஸ் செயலியில் அதை `DCIM/Camera` ஃபோல்டரிலிருந்து எடுத்து வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியதும் வரிசை தீர்ந்தது. உங்கள் வரிசை தொடக்கத்திலேயே ஒரே எண்ணில் நின்றாலும், இப்படி ஒரு கெட்டுப்போன ஃபைல் இருக்கிறதா என்று தேடலாம். போன் திடீரென அணைந்த நாட்களின் வீடியோக்களை முதலில் பாருங்கள்.

7. `Backup complete` வந்த பிறகும் போனைக் கொடுக்காதீர்கள்

வரிசையில் இருந்தது முடிந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். வரிசைக்கே வராதவை உண்டு. கேமரா ஃபோல்டர் தானாகச் சேரும், வாட்ஸாப்பில் வந்த படங்கள் சேராது. Backup பக்கத்தில் கீழே இருக்கும் சாதன ஃபோல்டர்களின் பட்டியலைத் திறந்து, WhatsApp Images, Screenshots போன்றவற்றில் வேண்டியதை மட்டும் ஆன் செய்யுங்கள். அம்மாவுக்கு இதைச் செய்ததும் திரும்ப 1,900 சேர்ந்தது. அதில் ஊர்க் குழுவில் வந்த அழைப்பிதழ்களே நானூறு இருக்கும். முழு ஃபோல்டரையும் ஏற்றாமல், வேண்டிய எழுபது எண்பதைத் தேர்ந்தெடுத்துத் தனியாக ஏற்றினேன்.

லாக்டு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அதற்கான பேக்கப் தனி ஸ்விட்ச். அம்மாவின் ஆதார், பாஸ்புக் படங்களை அங்கிருந்து வெளியே நகர்த்தி ஏற்றினேன்.

பிறகு இன்னொரு போனில் அல்லது கம்ப்யூட்டரில் `photos.google.com` திறந்து அதே கணக்கில் உள்ளே போங்கள். பழைய போனின் திரையைப் பார்த்துச் சரி என்று சொல்லக் கூடாது, அங்கே தெரிவது போனில் இருக்கும் பிரதியாகவும் இருக்கலாம். பேக்கப் நின்றுபோன மாதத்துக்குப் போய் ஒரு படம், நேற்று எடுத்த ஒன்று, நடுவில் ஒரு நீளமான வீடியோ, மூன்றையும் திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசி வரை ஓட்டுங்கள். முடிந்தால் யுஎஸ்பி ஒயரில் `DCIM` ஃபோல்டரை முழுசாக ஒரு கம்ப்யூட்டருக்கும் காப்பி எடுத்துவிடுங்கள். தம்பியின் லேப்டாப்பில் எங்களுக்கு அதற்கு நாற்பது நிமிடம் ஆனது.

இதற்குப் பிறகுதான் போனை ரீசெட் செய்ய வேண்டும். எக்ஸ்சேஞ்ச் பையன் எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தான், நான் ரீசெட் செய்து முடித்தது ஒன்பதரைக்கு.

இனி அந்த 130 ரூபாய். அது மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும். நிறுத்திவிடலாம், ஆனால் அம்மாவின் கணக்கில் இப்போது 33 ஜிபி இருக்கிறது. நிறுத்தினால் 15-க்கு மேல் போனதாகிவிடும், புதுப் படம் ஏறாது, மின்னஞ்சல் வருவதும் நிற்கும். அந்த நிலையிலேயே இரண்டு வருடம் விட்டால் இருப்பதையே அழிக்கக் கூகுளுக்கு உரிமை உண்டு. நாங்கள் ஆண்டுக்கு 1,300 ரூபாய் திட்டத்துக்கு மாற்றி, தம்பியின் கார்டில் போட்டுவிட்டோம்.